முத்திரை இல்லாத உறை எந்த நாட்டிலிருந்து வந்தது? பிராங்கிங் குறிகளும் கட்டணம் செலுத்திய அச்சுகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக் கடிதம் என்கிறார்கள், ஆனால் உறையில் முத்திரையே இல்லை. மூலையில் ஏதோ அச்சடித்திருக்கிறது. அது என்ன?

அது இரண்டில் ஒன்றாக இருக்கும், முதலில் எது என்று பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது பிராங்கிங் இயந்திரத்தின் குறி. அலுவலகம் ஒன்று தபால் நிறுவனத்தின் அனுமதியுடன் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, முன்கூட்டியே பணம் கட்டி, ஒவ்வோர் உறையிலும் தொகை, திகதி, ஊர், இயந்திர எண் ஆகியவற்றை அச்சிடுகிறது. 1920 ஆம் ஆண்டு மட்ரிட் நகரில் கூடிய உலகத் தபால் ஒன்றியத்தின் மாநாடு, நாடு விட்டு நாடு செல்லும் கடிதங்களுக்கும் இந்தக் குறியை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, உறையை அச்சகத்தில் அடிக்கும்போதே சேர்த்து அடித்துவிடும் 'கட்டணம் செலுத்தப்பட்டது' என்ற அச்சு. ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பும் நிறுவனம் அவற்றை மொத்தமாகத் தபாலில் ஒப்படைத்து, எண்ணிக்கைப்படி பணம் கட்டும். ஆகவே அந்த அச்சில் பெரும்பாலும் தொகையும் இருக்காது, திகதியும் இருக்காது.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் வேறுபாடு உடனே தெரியும். பழைய இயந்திரங்கள் உலோக எழுத்தைத் தாளில் அழுத்திப் பதித்தன, அதனால் உறையின் உட்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். புதிய இயந்திரங்கள் மையைத் துளித் துளியாகத் தெளிக்கின்றன, துளை ஒன்று அடைபட்டிருந்தால் குறி முழுவதையும் ஊடறுத்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இரு வகையிலும் குறி சற்றுச் சாய்ந்தோ விளிம்பை ஒட்டியோ விழுவது வழக்கம். அச்சகத்தில் அடித்ததோ நிறுவனத்தின் சின்னத்துக்குப் பயன்படுத்திய அதே மையில், நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும்.

பெட்டிக்குள் 'போர் பேயே' என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. அப்படியானால் பிரான்ஸ்தானே?

இல்லை. என்னிடம் காட்டப்படும் உறைகளில் மிகுதியான தவறு இந்த இடத்தில்தான் நேர்கிறது, ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1874 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் உலகத் தபால் ஒன்றியம் உருவானபோது அதன் உத்தியோக மொழியாகப் பிரெஞ்சு அமைந்தது, இன்றும் அதுவே உத்தியோக மொழி. விமானத் தபால் நீலச் சீட்டில் 'பார் அவியோன்' என்று எல்லா நாடுகளும் எழுதுவது இதனால்தான். நம் நாட்டிலிருந்து போகும் கடிதத்திலும் அந்தச் சொல் உண்டு, அதைப் பார்த்து எவரும் இலங்கையைப் பிரான்ஸ் என்று எண்ணுவதில்லை. 'போர் பேயே' என்பதற்கும் 'தபாற் கட்டணம் செலுத்தப்பட்டது' என்பதே பொருள். அதைச் சுருக்கி இரண்டு 'பி' எழுத்துகளாகப் போடுவார்கள். இன்னொரு வடிவம் 'டக்ஸ் பெர்சூ', அதாவது 'கட்டணம் அறவிடப்பட்டது'. இந்தச் சொற்களை நெதர்லாந்தும் சுவீடனும் சுவிட்சர்லாந்தும் ஜேர்மனியும் பயன்படுத்துகின்றன.

ஆகவே இந்தப் பிரெஞ்சுச் சொல் நாட்டின் மொழி அன்று, தபாலின் மொழி. நாட்டைக் காட்டுவது அதன் அருகில் நிற்கும் மற்றொரு சொல். 'என்ட்கெல்ட் பெசால்ட்' என்று சேர்ந்திருந்தால் ஜேர்மன் மொழி, 'போர்ட் பெட்டால்ட்' என்றால் டச்சு, 'போர்ட்டோ பெத்தால்ட்' என்றால் சுவீடன், டென்மார்க், நோர்வே ஆகிய நாடுகளின் மொழிகளில் ஒன்று. 'போஸ்டேஜ் பெய்ட்' என்று ஆங்கிலமும் 'போர் பேயே' என்று பிரெஞ்சும் சமமான பெரிய எழுத்துகளில் பக்கம் பக்கமாக நின்றால் முதலில் கனடாவை நினைக்க வேண்டும், ஏனெனில் அங்கே இரண்டும் நாட்டின் உத்தியோக மொழிகள். இருந்தாலும் ஆங்கிலம் பேசும் வேறு நாடுகளும் வெளிநாட்டுத் தபாலுக்கு இவ்விரண்டையும் சேர்த்து அடிப்பதுண்டு. அதனால் கனடா என்ற பெயரையோ கனடாத் தபாலின் பெயரையோ அருகில் கண்ட பிறகே முடிவு சொல்வது நல்லது.

நாட்டின் பெயரே எழுதியிருக்காதா? எங்கே தேடுவது?

பெரும்பாலும் எழுதியிருக்கும், ஆனால் நாம் அறிந்த பெயரில் அன்று. சில பெயர்கள் அந்த நாட்டவர் தாமே வழங்குபவை: 'ஹெல்வேசியா' என்பது சுவிட்சர்லாந்தின் இலத்தீன் பெயர், 'ஏர' என்பது அயர்லாந்து, 'ஓஸ்டெர்ரைஷ்' என்பது ஒஸ்திரியா, 'சுவோமி' என்பது பின்லாந்து. வேறு சில பிரெஞ்சில் வரும் பெயர்கள்: 'பெய்பா' என்று ஒலிக்கும் இரு சொற்கள் நெதர்லாந்தைக் குறிக்கின்றன, 'அலமாஞ்' என்பது ஜேர்மனி, 'சுவிஸ்' என்று ஒலிப்பது சுவிட்சர்லாந்து. இவற்றைப் பார்த்துவிட்டு, அப்படியொரு நாடே இல்லையே என்று குழம்பியவர்கள் பலர்.

பெயர் இல்லாவிட்டால், அஞ்சற் குறியீட்டு எண்ணுக்கு முன்னே சிறு கோட்டுடன் நிற்கும் ஒன்றிரண்டு எழுத்துகளைப் பாருங்கள். 'டி' என்றால் ஜேர்மனி, 'பி' என்றால் பெல்ஜியம், 'ஏ' என்றால் ஒஸ்திரியா. 'சி'யும் 'எச்'சும் சேர்ந்து நின்றால் அதைச் சீனா என்று நினைத்துவிட வேண்டாம். அது சுவிட்சர்லாந்தின் இலத்தீன் பெயரான 'கொன்பெடராசியோ ஹெல்வெட்டிகா' என்பதன் சுருக்கம். சீனாவின் ஈரெழுத்துக் குறியீடு 'சி'யும் 'என்'னும். எங்கள் பாடசாலை முத்திரைச் சேகரிப்புக் குழுவில் சூரிச் நகரத்து உறை ஒன்று நெடுநாள் சீனப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

'லா போஸ்ட்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஊதுகொம்புப் படமும் இருக்கிறது. இவை போதாதா?

போதா. 'லா போஸ்ட்' என்பதற்குத் 'தபால்' என்பதே பொருள். பிரான்சின் தபால் நிறுவனத்துக்கு அது பெயர். சுவிட்சர்லாந்தில் ஜேர்மன், இத்தாலிய வடிவங்களோடு சேர்த்து மூன்று மொழிகளில் அதையே எழுதுவார்கள். பெல்ஜியத்தின் நிறுவனமும் 2010 இல் தன் பெயரை 'பிபோஸ்ட்' என்று மாற்றிக்கொள்ளும் வரை டச்சு வடிவத்தோடு அதைச் சேர்த்துப் பயன்படுத்தியது. தனியே 'லா போஸ்ட்' மட்டும் நின்று, 'ஆர்', 'எப்' என்ற இரண்டு எழுத்துகளோ பிரான்ஸ் என்ற பெயரோ துணை நின்றால் அது பிரான்ஸ். பெல்ஜியத்தின் கட்டணம் செலுத்திய அச்சில் 'பி.பி.' என்ற டச்சுச் சுருக்கமும் பிரெஞ்சுச் சுருக்கமும் இணைந்து வருவதும், நாட்டின் பெயர் இரு மொழிகளில் எழுதப்படுவதும் தெளிவான அடையாளம்.

ஊதுகொம்பு ஐரோப்பாவில் குதிரைத் தபால் ஓடிய காலத்துச் சின்னம். பல நாடுகள் அதை வைத்திருப்பதால் தனியே அதற்கு மதிப்பில்லை.

மழையில் நனைந்து பெயர் அழிந்துவிட்டது. தொகை மட்டும்தான் வாசிக்க முடிகிறது. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே தெரியும். நாணயக் குறி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பவுண் குறி பிரித்தானியாவைக் காட்டும். டொலர்க் குறி மட்டும் இருந்தால் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகள் எஞ்சும்.

யூரோவை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பயன்படுத்துகின்றன, அங்கேதான் ஒரு சிறு புள்ளி உதவுகிறது. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி ஆகியவை தசமத்துக்குக் காற்புள்ளி இடுகின்றன. ஒரு யூரோ பத்து சதத்தை ஒன்று, காற்புள்ளி, பத்து என்று எழுதுவார்கள். அயர்லாந்து ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றி முற்றுப்புள்ளி இடும். எனவே யூரோவும் முற்றுப்புள்ளியும் சேர்ந்தால் அயர்லாந்தை முதலில் சோதிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து யூரோ நாடு அன்று, அதன் தொகை பிராங்கில் இருக்கும், தசமம் முற்றுப்புள்ளியால் பிரியும்.

தொகைக்கு அடுத்தது திகதி. மாதத்தின் பெயரை மூன்று எழுத்தில் முன்னே போட்டு நாளைப் பின்னே எழுதுவது அமெரிக்க வழக்கம். நாள், மாதம், ஆண்டு என்று புள்ளியிட்டு எழுதுவது ஜேர்மனி, சுவிஸ் வழக்கம். அமெரிக்கக் குறிகளில் கழுகின் உருவமும், இந்த ஐந்திலக்க அஞ்சற் குறியீட்டுப் பகுதியிலிருந்து அனுப்பப்பட்டது என்று பொருள்படும் ஆங்கில வரியும் எண்ணும் அடிக்கடி காணப்படும். எல்லாம் கரைந்து அந்த ஐந்து இலக்கம் மட்டும் மிஞ்சினாலும் அனுப்பிய ஊர் வரை போய்விடலாம்.

குறியில் லண்டன் என்று இருக்கிறது. இதில் என்ன சந்தேகம் இருக்க முடியும்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் லண்டன் என்ற நகரம் இருக்கிறது. நம் உறவினர் பலர் ஒன்ராறியோவில் வாழ்வதால் இந்தக் குழப்பம் நம்மவர்களிடையே உண்மையாகவே நிகழ்கிறது. ஹட்டனில் ஒரு குடும்பத்தார் தொலைந்துபோன சித்தப்பாவை இங்கிலாந்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த உறையின் வட்டத்தில் லண்டன் என்ற பெயருக்குக் கீழே ஒன்ராறியோவின் சுருக்கம் மங்கலாக இருந்தது, தொகை டொலரில் இருந்தது. பிரித்தானிய அஞ்சற் குறியீட்டிலும் கனடாவினுடையதிலும் எழுத்தும் இலக்கமும் கலந்தே வரும். ஆனால் கனடாவில் எழுத்து, இலக்கம், எழுத்து என மாறி மாறி மும்மூன்றாக இரண்டு கூறுகள் அமையும், பிரித்தானியாவில் இரண்டாம் கூறு எப்போதும் ஓர் இலக்கத்தில் தொடங்கி இரண்டு எழுத்துகளில் முடியும். ஊர்ப் பெயரைத் தொகையோடும் குறியீட்டோடும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இப்போது வரும் உறைகளில் நீல நிறத்தில் புள்ளிச் சதுரம் ஒன்று இருக்கிறது. அதைக் கைத்தொலைபேசியால் வாசிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். உங்கள் தொலைபேசியின் கமரா அதை இனங்காணாவிட்டால், 'டேட்டா மேட்ரிக்ஸ்' வகையை வாசிக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். திரையில் இணைய முகவரி எதுவும் வராது, எழுத்தும் எண்ணும் குறியுமாகக் கலந்த ஒரு தொடர்தான் வரும். அதன் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

பிரித்தானியாவின் 'மெயில்மார்க்' சதுரம் திரையில் `JGB` என்று தொடங்கும். இந்த மூன்றில் கடைசி இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கின்றன. ஜேர்மனியின் 'பிராங்கிட்' சதுரம் `DEA` என்று தொடங்கும், அதற்குப் பின்னால் வருவது மனிதர் வாசிப்பதற்கான எழுத்து அன்று என்பதால் குப்பைபோலத் தோன்றும். வாசிப்பில் தவறு நேர்ந்ததாக எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கச் சதுரங்களும் இவ்வாறே வாசிக்க முடியாத தொடரைத் தரும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பிராங்கிங் குறி என்றாலே சிவப்பு என்பது நெடுங்காலம் உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. ஜேர்மனி 2004 இல் 'பிராங்கிட்' முறையைக் கொண்டுவந்தபோது நீல மைக்கு மாறியது, பிரித்தானியாவும் பின்னர் நீலத்துக்கு வந்தது. ஆகவே நீலக் குறி என்றால் அண்மைக் காலத்தது என்று கொள்ளலாம். சிவப்பு என்பதை வைத்து நாட்டையோ காலத்தையோ சொல்ல முடியாது.

எல்லா அடையாளமும் நெதர்லாந்து என்கின்றன. உள்ளே இருப்பதோ இங்கிலாந்துக் கடிதம். எங்கே தவறு?

எங்கும் தவறில்லை. இதற்கு நான் நேரில் பார்த்த ஓர் உறையை எடுத்துக்கொள்கிறேன்.

பண்டாரவளையில் எங்களுக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார். இளமையில் இங்கிலாந்தில் தாதியாகப் பணியாற்றித் திரும்பியவர். அவருக்கு ஒரு சாளர உறை வந்தது, முகவரி கண்ணாடித் தாளின் வழியே தெரிந்தது. நெதர்லாந்தில் தமக்கு எவருமில்லை என்று சொல்லி, அதைப் பிரிக்காமலே அடுப்பங்கரைக் கட்டில் வைத்திருந்தார். அவருடைய மருமகள் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

வலப்பக்க மேல் மூலையில் மெல்லிய கோட்டுப் பெட்டி. அதற்குள் கறுப்பு மையில் 'போர் பேயே', கீழே 'பெய்பா', பக்கத்தில் முன்னுரிமைத் தபால் என்பதற்கான ஆங்கிலச் சொல். தொகை இல்லை, திகதி இல்லை, இயந்திர எண் இல்லை. பெட்டியின் கோடுகள் உறையின் விளிம்புக்கு நேராக இருந்தன. எனவே இது அச்சகத்தில் அடித்தது, மொத்தமாக ஒப்படைக்கப்பட்ட தபால். உறையின் பின்மடலில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'போஸ்ட்புஸ்' என்ற சொல், ஓர் எண், பிறகு நான்கு இலக்கமும் இரண்டு பெரிய எழுத்துகளும். 'போஸ்ட்புஸ்' என்பது டச்சு மொழியில் தபாற் பெட்டி, நான்கு இலக்கமும் இரண்டு எழுத்தும் நெதர்லாந்தின் அஞ்சற் குறியீட்டு வடிவம். ஆக மூன்று அடையாளங்கள் ஒன்றையொன்று ஆமோதித்தன: இது நெதர்லாந்தில் தபாலில் சேர்ந்த கடிதம்.

பின்மடல் முகவரியில் நிறுவனத்தின் பெயரே இல்லாதிருந்ததைக் கவனித்தேன். வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ எழுதுபவர் தம் பெயரைப் போடுவார். பெயரில்லாத தபாற் பெட்டி என்றால், சேராத கடிதங்களைத் திரும்பப் பெறுவதற்காக ஓர் இடைநிலை நிறுவனம் வைத்திருப்பது என்று ஊகிக்கலாம். அந்த அம்மாவின் அனுமதியுடன் மருமகள் உறையைப் பிரித்தார். உள்ளே அவருடைய ஓய்வூதியம் பற்றிய ஆண்டுக் கடிதம் இருந்தது, தலைப்பில் இங்கிலாந்து முகவரி. அதில் அவர் பழைய கடிதங்களில் ஏற்கெனவே வைத்திருந்த அதே தொடர்பு எண்ணும் அதே குறிப்பு எண்ணும் இருந்தன.

நடந்தது இதுதான். பெரிய நிறுவனங்கள் தமது வெளிநாட்டுக் கடிதங்களைத் தாமே தபாலில் சேர்ப்பதில்லை. இடைநிலை நிறுவனம் ஒன்று பலருடைய கடிதங்களைத் திரட்டி, நாடுவாரியாகப் பிரித்து, எந்த நாட்டுத் தபாலின் கட்டணம் அனுகூலமோ அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கிறது. சில தபால் நிறுவனங்கள் இந்தத் தொழிலையே தனிக் கிளையாக நடத்துகின்றன. பிரான்ஸ், சுவிட்சர்லாந்துத் தபால்கள் 2012 இல் 'அசெண்டியா' என்ற பெயரில் கூட்டாக அமைத்தது அத்தகைய ஒன்று. உலகத் தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே, ஒரு நாட்டில் வசிப்பவர் வேறு நாட்டில் கடிதத்தைச் சேர்ப்பது பற்றித் தனி விதி இருக்கிறது. அந்த அளவுக்கு இது பழக்கமானது.

ஆகவே மூலையிலுள்ள குறி சொல்வது, பணத்தை வாங்கிக்கொண்ட தபால் எந்த நாட்டினது என்பதை மட்டுமே. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்பது வேறு கேள்வி. பிராங்கிங் இயந்திரக் குறியில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஏனெனில் இயந்திரம் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. அச்சகத்தில் அடித்த குறியில் இவை பிரிந்திருப்பது சாதாரணம். இந்த உறை எப்போது தபாலில் சேர்ந்தது என்பதையும் அது சொல்லவில்லை, உள்ளிருந்த கடிதத்தின் திகதியும் கதவுக்கு வந்த நாளும்தான் எங்களுக்குக் கிடைத்தன.

அப்படியென்றால், லண்டன் வங்கி என்று சொல்லிக்கொண்டு வேறு நாட்டுக் குறியுடன் வரும் கடிதம் மோசடியா?

குறியை மட்டும் வைத்து அவ்வாறு தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலே சொன்ன ஓய்வூதியக் கடிதம் முற்றிலும் உண்மையானது. மறுபக்கத்தில், அச்சகத்தில் அடிக்கும் குறியை எவரும் அடித்துக்கொள்ளலாம் என்பதால், சரியான நாட்டுக் குறி இருப்பதும் நம்பகத்துக்கு ஆதாரமாகாது. குறியைப் பார்த்து ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளலாம். விடையைக் கடிதத்துக்கு வெளியே, நீங்கள் முன்பே வைத்திருக்கும் தொடர்பு எண்ணில் தேட வேண்டும். கடிதத்திலேயே அச்சிட்ட புதிய எண்ணை அழைப்பது பயன் தராது. பரிசு விழுந்திருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள் என்று வரும் கடிதத்துக்கு எந்த நாட்டுக் குறி இருந்தாலும் பணம் அனுப்ப வேண்டாம்.

தாத்தா தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவருடைய றங்குப் பெட்டியில் சிவப்புக் குறியுள்ள பழைய உறைகள் கிடைத்தன. அவை எங்கிருந்து வந்திருக்கும்?

மலையகத்தில் கிடைக்கும் உறைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை இவைதான். தோட்டக் கம்பனிகள் பலவற்றின் தலைமை அலுவலகங்கள் லண்டனில் இருந்தன. தேயிலை வியாபாரம் அந்நகரின் மின்சிங் லேன் என்ற தெருவைச் சூழ்ந்து நடந்தது. அது லண்டனின் கிழக்கு மத்திய மூன்றாம் தபால் வட்டாரத்தில் இருக்கிறது. ஆகவே குறியின் வட்டத்தில் லண்டன் என்ற பெயரோடு 'ஈ', 'சி', மூன்று என்று இருந்தால், கடிதம் தேயிலைத் தரகர் ஒருவரிடமிருந்தோ கம்பனிச் செயலாளரிடமிருந்தோ வந்திருக்க வாய்ப்பு மிகுதி. இடப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரோ விளம்பர வாசகமோ இருந்தால் அதுவே உறுதி தரும்.

பிரித்தானிய முத்திரைகளில் நாட்டின் பெயர் இருப்பதில்லை, முதன்முதலில் முத்திரை வெளியிட்ட நாடு என்பதால் அந்தச் சலுகை அதற்கு உண்டு. பிராங்கிங் குறியிலும் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம், கிரீடத்தைத் தேடுங்கள். காலத்தை அறியத் தொகையின் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். பழைய பென்ஸைக் குறிக்க 'டி' என்ற சிறிய எழுத்தை இட்டார்கள். 1971 பெப்ரவரி 15 ஆம் திகதி பிரித்தானியா தசம நாணயத்துக்கு மாறியபின் 'பி' என்ற எழுத்து வந்தது. ஆகவே 'டி' இருந்தால் அந்த நாளுக்கு முந்தியது. இயந்திர எண்ணுக்கு முன்னே வரும் எழுத்து இயந்திரத்தைச் செய்த கம்பனியைக் காட்டும். 'பி', 'பி' என்ற இரண்டு எழுத்துகள் பிட்னி போஸ் கம்பனிக்கும், 'என்' என்பது நியோபோஸ்ட் கம்பனிக்கும் உரியவை. இந்தக் கம்பனிகளின் இயந்திரங்கள் பல நாடுகளில் இருந்தன, ஆகையால் கம்பனியின் பெயரை நாட்டுக்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

முகவரியில் 'சிலோன்' என்று எழுதியிருப்பதைக் கொண்டு காலத்தைக் கணிக்க வேண்டாம். 1972 இல் நாட்டின் பெயர் மாறிய பிறகும் பல ஆண்டுகள் பழக்கத்தால் அப்படியே எழுதினார்கள். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. அதற்குப் பிந்திய லண்டன் கம்பனி உறை உங்கள் பெட்டியில் இருந்தால், உள்ளே இருந்த தாளையும் தேடிப் பாருங்கள், அது எதைப் பற்றியது என்பது அறியத்தக்கது.

உறையின் பின்புறம் ஹட்டன் தபாலகத்தின் வட்டக் குறியும் இருக்கிறது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

அனுப்பிய நாட்டை அறிய அது உதவாது. வந்துசேர்ந்த இடத்தில் இட்ட குறி அது. ஆனால் திகதி இல்லாத அச்சுக்குறி உள்ள உறையில் காலத்தைக் காட்டும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம், அதனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலாக இருந்தால் பட்டைக் குறியின் கீழுள்ள பதின்மூன்று இடக் குறியீட்டைப் பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மீண்டும் இரண்டு எழுத்து. கடைசி இரண்டு எழுத்துகள் தபாலில் சேர்ந்த நாட்டைக் குறிக்கும். இணையத்தில் தேடும்போது `LK` என்று முடிவதைத் தட்டினால் அது இலங்கையிலிருந்து போனது, `GB` என்று முடிவது பிரித்தானியாவிலிருந்து வந்தது.

குறியுள்ள மூலையை மட்டும் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள். பிராங்கிங் குறி உறையிலேயே அச்சிடப்பட்டது, முத்திரையைப் போல் பிரிந்து வராது. மை தெளிக்கும் இயந்திரங்களின் மை தண்ணீர் பட்டவுடன் பரவிவிடும். மூலையை வெட்டினால் பின்மடல் முகவரியும் வந்துசேர்ந்த திகதியும் போய்விடும். பண்டாரவளை உறையில் விடை தந்தது பின்மடல்தான்.

நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஈரத்தில் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், ஒன்றின் சிவப்பு அடுத்ததன் முதுகில் தலைகீழாகப் படிவதும் உண்டு. அப்படிப் படிந்த நிழலை வேறொரு குறி என்று எண்ணி மயங்க வேண்டாம், கண்ணாடியில் காட்டினால் முன் உறையின் எழுத்தே நேராகத் தெரியும். ஒவ்வோர் உறைக்கும் இடையில் வெள்ளைத் தாள் ஒன்று வைத்து, அடுப்புப் புகை படாத அலுமாரியில் நிறுத்தி வையுங்கள். ஒட்டிக்கொண்டவற்றை இழுத்துப் பிரிக்காமல், மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் நிழலான திண்ணையில் காற்றாட வைத்தால் பெரும்பாலும் தாமே விலகிவிடும். விலகாதவற்றை அப்படியே விட்டுவிட்டு, தெரியும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.